ஸ்லைடு தட்டைத் திறந்து பாருங்கள்

தையல் மிஷினுக்கு ஸ்பேர் கேட்டு வருகிறவர்கள் முதலில் கம்பெனிப் பெயரைத்தான் சொல்வார்கள். "அண்ணே, சிங்கர் மிஷின். பாபின் கேஸ் ஒண்ணு வேணும்." இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் எடுத்துக் கொடுக்க முடியாது. சிங்கர் கம்பெனி ஒரே காலத்தில், ஒரே தொழிற்சாலையில், அடிப்பாகம் முற்றிலும் வேறுவேறாக இருக்கும் பல மாடல்களைச் செய்து விற்றது. ஒன்றின் பாபின் இன்னொன்றில் உட்காராது. உஷா, மெரிட், லூதியானாவில் தயாராகும் எத்தனையோ பெயர்கள் என்று வரும் கறுப்பு மிதி மிஷின்களின் கதை இதற்கு நேர்மாறு. அவற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அமைப்புதான் இருக்கும். ஒன்றின் பாபின் கேஸ் இன்னொன்றில் டக்கென்று உட்காரும்.

ஆகவே ரிப்பேர் வேலையில் மாடலைக் கண்டுபிடிப்பது என்றால், அந்த மிஷின் எந்த அமைப்பைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான். நம் ஊர் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து கிடக்கும் சிங்கர் மிஷின்களில் நான் அதிகம் பார்த்தவை நான்கு குடும்பங்கள். 15 என்ற எண்ணைக் கொண்டது ஒன்று. 66 என்பது இரண்டாவது, அதன் சிறிய உருவம் 99. நீள ஷட்டில் ஓடும் 27, 28, 127, 128 மூன்றாவது குடும்பம். 201 நான்காவது. எண்ணுக்குப் பின்னால் கே என்ற எழுத்து இருந்தால், ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையில் செய்தது என்று பொருள். இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால், ஸ்பேர் கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்விக்கும் முக்கால்வாசி பதில் வந்துவிடும்.

முதலில் உடம்பு. மிஷின் தலையின் அடித்தட்டை, அதாவது துணி படுக்கும் அந்த இரும்புப் பலகையை, டேப்பால் இடமிருந்து வலமாக அளந்து பாருங்கள். பதினாலரை அங்குல நீளமும் ஏழு அங்குல அகலமும் இருந்தால் அது முழு அளவு மிஷின். 15, 66, 27, 127, 201 எல்லாம் இந்த அளவில்தான் வந்தன. நீளம் பன்னிரண்டு அங்குலத்தை ஒட்டி நின்றால் முக்கால் அளவு. 28, 128, 99 ஆகியவை இதில் அடங்கும். கைப்பிடி போட்டு மரப்பெட்டிக்குள் வைத்து வந்த மிஷின்களில் பல இந்த ரகம். டேப் வைத்த உடனேயே பட்டியலில் பாதி அடிபட்டுப் போகும்.

அடுத்து, மேல் நூலை இறுக்கும் டென்ஷன் திருகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தைக்க உட்கார்ந்தால் அது நம்மைப் பார்த்து இருக்கிறதா, அல்லது தலையின் இடது முனையில், முகத்தகட்டில் பக்கவாட்டில் இருக்கிறதா? 15 குடும்பத்தில் அது இடது முகத்தகட்டில் இருக்கும். 66, 99, 201 மூன்றிலும் நம்மைப் பார்த்திருக்கும். நம் தையற்காரர்கள் பலரும் 15 ரக மிஷினில்தான் தொழில் பழகுகிறார்கள். அதனால் 66-இல் உட்கார்ந்தால் கை தானாக இடது பக்கம் போய் டென்ஷனைத் தேடும்.

மூன்றாவதாக ஊசியின் அருகே இருக்கும் ஸ்லைடு தட்டு. பாபினைப் போட இந்தத் தட்டைத்தான் நகர்த்துகிறோம். அது இடது பக்கமாக நகர்ந்தால் 15 ஆகவோ 201 ஆகவோ இருக்கும். நம்மை நோக்கி முன்பக்கமாக நகர்ந்தால் 66 அல்லது 99. ஊசிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு நீளத் தட்டுகள் இருந்தால் அது நீள ஷட்டில் ஓடும் 27 குடும்பம்தான், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

உடம்பில் இன்னும் பல அடையாளங்களைச் சொல்வார்கள். தங்க நிறப் பூவேலை, ஸ்பிங்க்ஸ் படம், சிவப்புக் கண் போன்ற டிசைன் என்றெல்லாம். இவற்றை நான் அதிகம் நம்புவதில்லை. ஒரே படத்தை வேறுவேறு மாடல்களில் ஒட்டியிருக்கிறார்கள். அதைவிட, நம் ஊரில் பழைய தலையைச் சுரண்டி, புது பெயின்ட் அடித்து, கிடைத்த ஸ்டிக்கரை ஒட்டி விற்பது சாதாரணம். பெயின்ட் அடித்தாலும் மாறாதது வார்ப்பின் அளவும் டென்ஷனின் இடமும் ஸ்லைடு தட்டின் திசையும்தான். அடித்தட்டின் வலது பக்கத்தில் குத்தியிருக்கும் வரிசை எண்ணும் பெரும்பாலும் பெயின்டுக்கு அடியில் தப்பிப் பிழைத்திருக்கும். சிங்கரில் 1900க்கு முன் செய்தவற்றில் வெறும் எண்கள் மட்டும் இருக்கும். அதன்பின் எண்ணுக்கு முன்னால் எழுத்து வரும். ஒய் என்ற ஒற்றை எழுத்து கிளைடுபேங்கில் 1920களையும் 1930களின் முற்பகுதியையும் காட்டும். இ-யில் தொடங்கும் இரட்டை எழுத்து அதற்குப் பிந்தையது. ஆனால் இந்த எண் தொழிற்சாலை ஏட்டில் எழுதிய தொகுதிக் கணக்கு. வயதும் பிறந்த இடமும் அதிலிருந்து தெரியும், மாடல் எண் அந்த எழுத்துக்குள் இல்லை.

இனி தையல் நீளத்தை மாற்றும் டயல். இதற்கு மூன்று தலைமுறை உண்டு. முதல் தலைமுறையில் டயல் என்று சொல்லவே எதுவும் இருக்காது. தூணில் ஒரு திருகு குமிழ் மட்டும் இருக்கும், அதில் எண்ணும் இருக்காது. திருகினால் தையல் நீளம் கூடும், குறையும், அவ்வளவுதான். ரிவர்ஸ் கிடையாது. 27, 28 மிஷின்களிலும் ஆரம்பகால 66, 15 ஆகியவற்றிலும் இதைப் பார்க்கலாம். இரண்டாவது தலைமுறை, நீள்வெட்டுத் துவாரத்துக்குள் மேலும் கீழும் ஓடும் லீவர். பக்கத்துத் தகட்டில் 6 முதல் 30 வரை எண்கள் இருக்கும். லீவரை ஒரு பக்கம் தள்ளினால் முன்னே தைக்கும், மறுபக்கம் தள்ளினால் பின்னே தைக்கும். சிங்கரின் வீட்டு மிஷின்களில் இந்த ரிவர்ஸ் லீவர் 1930களிலிருந்து பரவியது. மூன்றாவது தலைமுறை, வட்ட டயலில் 0 முதல் 4 அல்லது 5 வரை எண்கள், தனியாக ரிவர்ஸ் பொத்தான். ஜிக்ஜாக் மிஷின்கள் இந்த வகை.

எண்களைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லீவரில் உள்ள 6, 12, 30 எல்லாம் ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் விழும் என்ற கணக்கு. எண் பெரிதாகப் பெரிதாகத் தையல் சின்னதாகும். வட்ட டயலில் உள்ள எண் மில்லிமீட்டர். அங்கே எண் பெரிதானால் தையலும் பெரிதாகும். எண் அழிந்துபோன மிஷினில் எந்தக் கணக்கு என்று தெரிய நூல் போடாமல் ஒரு தாளைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு ஓர் அங்குலத்துக்குள் எத்தனை துளை விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அங்குலக் கணக்கு மிஷினில் லீவரை 12-இல் வைத்தால் ஏறக்குறைய 12 துளை விழும். மில்லிமீட்டர் டயலில் 2 வைத்தாலும் 12 அல்லது 13 துளைதான் வரும், ஏனென்றால் ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். துளைகளின் எண்ணிக்கை இதற்கு வெகுவாகக் குறைந்தாலோ கூடினாலோ, யாரோ எண் தகட்டை வேறு மிஷினிலிருந்து எடுத்து மாட்டியிருக்கலாம், அல்லது கீழே துணியை நகர்த்தும் பல் தேய்ந்து தாளை வழுக்க விட்டிருக்கலாம். பல்லை விரலால் தடவினாலே இரண்டில் எது என்று தெரிந்துவிடும். கூர்மை இல்லாமல் பளபளவென்று வழுக்கினால் பல்தான் காரணம்.

இந்த டயல் காலத்தைச் சொல்லுமே தவிர குடும்பத்தைச் சொல்லாது. 15-இலும் லீவர் வந்தது, 66-இலும் வந்தது, 201-இலும் வந்தது. ஆகவே டயலைப் பார்த்து, "இது இந்த மாடல்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அவசரப்படாதீர்கள். ஸ்லைடு தட்டைத் திறந்து பார்க்கும் வரை தீர்ப்பு எழுதக் கூடாது.

தட்டைத் திறந்தால் தெரிவதுதான் மிஷினின் உண்மையான முகவரி. 15-இல் பாபின் செங்குத்தாக, ஒரு சிறு உருளைக் கேஸுக்குள் இருக்கும். கேஸின் முகத்தில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகத்தால் தூக்கிப் பிடித்து இழுத்தால் கேஸ் பாபினோடு கையில் வந்துவிடும். பாபினின் இரண்டு பக்கமும் தட்டை. விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர், உயரம் சுமார் 11.7 மில்லிமீட்டர். 66-இல் பாபின் படுத்திருக்கும். மேலிருந்து போடுவோம், மேலிருந்து எடுப்போம். அந்தப் பாபினின் இரு பக்கங்களும் நடுவில் லேசாக உப்பி, ஓரத்தில் சரிந்து இருக்கும். 99-க்கும் 201-க்கும் இதே உப்பிய பாபின்தான். 27 குடும்பத்தில் பாபின் நீளமாக, மெல்லிய குச்சியின் இரண்டு முனையிலும் வட்டம் வைத்த மாதிரி இருக்கும். அது துப்பாக்கிக் குண்டு போன்ற ஒரு ஷட்டிலுக்குள் ஏறி, முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டே தைக்கும்.

ஒரு மிஷினை வைத்து இதை முழுதாகச் சொல்கிறேன். ஒரு டீச்சர் தன் அம்மாவின் மிஷினை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். தலை முழுவதும் பச்சை பெயின்ட். கைக்கு மேலே ஏதோ ஓர் உள்ளூர்ப் பெயரின் ஸ்டிக்கர். "பாபின் கேஸ் தொலைஞ்சு போச்சுண்ணே. கடையில வாங்கிட்டுப் போனேன், உள்ள போக மாட்டேங்குது. பாபினும் புதுசுதான் வாங்கினேன். தைச்சா அடியில நூல் கொத்தாச் சுத்திக்குது, அப்புறம் அறுந்துடுது." அவர் கையில் இருந்த பையில் பளபளக்கும் புது பாபின் கேஸ் ஒன்றும், அரை டஜன் தட்டைப் பாபின்களும் இருந்தன.

அடித்தட்டை அளந்தேன். பதினாலரை அங்குலம், முழு அளவு. டென்ஷன் என்னைப் பார்த்து இருந்தது. அப்போதே 15 இல்லை என்று தெரிந்துவிட்டது. லீவர் இருந்தது, எண் 6 முதல் 30 வரை, ரிவர்ஸ் உண்டு. ஆகவே 1930களுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. வலது பக்க எண்ணின் மேல் இருந்த பெயின்டைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். இ-யில் தொடங்கும் இரட்டை எழுத்து. கிளைடுபேங்க். இந்த இடத்தில் 66 அல்லது 201 என்று இரண்டே வாய்ப்பு மிச்சம் இருந்தது. ஸ்லைடு தட்டை விரலால் தள்ளினேன். என்னை நோக்கி வந்தது. 66கே.

உள்ளே பார்த்தால் பாபின் கேஸ் பத்திரமாக இருந்தது. டீச்சர் தன் அம்மா வீட்டில் தைத்துப் பழகியவர் இல்லை. தையல் வகுப்பில் 15 ரக மிஷினில் கற்றுக்கொண்டவர். அங்கே பாபின் மாற்றும்போதெல்லாம் கேஸ் கையில் வரும். இங்கே வரவில்லை என்றதும் கேஸ் தொலைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். 66-இல் பாபின் கேஸ் கொக்கிக்கு நடுவே மிஷினோடு ஒட்டியே இருக்கும். பாபின் மாற்றுவதற்காக அதைக் கழற்றுவதே இல்லை. ஊசித் தகட்டைக் கழற்றி, கேஸைப் பிடித்திருக்கும் பாகத்தை விலக்கினால்தான் அது வெளியே வரும்.

அப்படியானால் நூல் ஏன் கொத்தாகச் சுற்றியது? தட்டைப் பாபின்தான் காரணம். உப்பிய பாபினில் நடுப்பகுதி உயரம், ஓரம் தாழ்வு. கேஸின் அடியும் அதற்கேற்பக் குழிந்திருக்கும். தட்டைப் பாபினைப் போட்டால் விட்டம் ஒத்துப்போவதால் உள்ளே விழுந்துவிடும். ஆனால் அடியில் சரியாக உட்காராமல் ஓரம் தூக்கி நிற்கும், சுற்றும்போது ஆடும், மேலே உரசும். அடிநூல் ஒரு நேரம் இறுகியும் ஒரு நேரம் தளர்ந்தும் வரும். ஊசி கொண்டுவரும் மேல்நூல் வளையம் பாபினைச் சுற்றி நழுவிப் போக வேண்டும். தூக்கி நிற்கும் ஓரத்தில் அது சிக்கி, அடியில் கொத்தாக நிற்கும். டென்ஷனை எவ்வளவு முறுக்கினாலும் இது தீராது. உப்பிய பாபின் ஒன்றைப் போட்டு, கேஸின் ஓரத்தில் உள்ள வெட்டுக்குள் நூலை இழுத்து, டென்ஷன் ஸ்பிரிங்குக்கு அடியில் செலுத்தினேன். நூல் முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஒரே சீரான தடை தெரிய வேண்டும். தெரிந்தது. தைத்துப் பார்த்தோம், முடிச்சு துணிக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. டீச்சருக்குத் தேவைப்பட்ட ஸ்பேர் நாலைந்து பாபின் மட்டும்தான். புது கேஸைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஸ்பேர் கேள்விக்கு இப்போது வருவோம். இதில் ஒரு நியாயம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். இந்த நான்கில் நேர்த்தியாகத் தைப்பது எது என்று கேட்டால் நான் 201-ஐத்தான் காட்டுவேன். அதன் கொக்கி முழுச் சுற்றாகச் சுழல்கிறது, சத்தமும் அதிர்வும் மிகக் குறைவு. ஆனால் இன்று எல்லா ஊரிலும் முழுதாக ஸ்பேர் கிடைப்பது 15-க்குத்தான். காரணம், அதைத்தான் உலகம் காப்பியடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் எத்தனையோ தொழிற்சாலைகள் 15-ஐப் பார்த்து அதே அளவில் மிஷின் செய்து, வாங்குகிறவர் கேட்ட பெயரையெல்லாம் ஒட்டி ஏற்றுமதி செய்தன. இந்தியாவில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் செய்த உஷாவிலும், பின்னால் லூதியானாவின் பட்டறைகளிலும் இதே அமைப்பு வேரூன்றியது. ஒரு பாகத்தைப் பல பேர் ஒரே அளவில் செய்தால் முதலில் செய்த கம்பெனி மூடினாலும் பாகம் சாகாது. கிளைடுபேங்க் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். அங்கே செய்த 15கே-க்கு ஷட்டில் உடைந்தால் லூதியானா ஷட்டில் இன்றும் பொருந்துகிறது.

எனவே 15 ரக மிஷினுக்குப் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், அது ஓடும் வளையம், ஊசித் தகடு, பல், டென்ஷன் செட், நூல் தூக்கி என எல்லாமே தையல் சாமான் கடையில் தொங்குகின்றன. விலையும் கையைக் கடிக்காது. 66-க்கும் 99-க்கும் உப்பிய பாபின் தாராளமாகக் கிடைக்கும், ஏனென்றால் பிற்காலத்திலும் பல மிஷின்கள் அதே பாபினைப் பயன்படுத்தின. ஆனால் அதன் கொக்கியும் பாபின் கேஸும் எல்லாக் கடையிலும் இருக்காது. பழைய சரக்கில் தேட வேண்டும், இல்லையென்றால் உடைந்த இன்னொரு 66-இலிருந்து கழற்ற வேண்டும். 27 குடும்பத்துக்கு நீளப் பாபினும் ஷட்டிலும் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அந்தப் புது ஷட்டிலின் முனையைச் சில நேரம் நுண்ணிய எமரித் தாளால் வழவழப்பாக்க வேண்டியிருக்கும். 201-க்குப் பாபின் பிரச்சினை இல்லை, அது 66-இன் பாபினே. மோட்டாரோ கியரோ போனால்தான் தலைவலி.

எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாகக் கிடைப்பவையும் உண்டு. ஊசி முதலாவது. நான்கு குடும்பமும் ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள, கடையில் எச்.ஏ.எக்ஸ். 1 என்று சொல்லும் அதே வீட்டு மிஷின் ஊசியைத்தான் கேட்கும். துணியை அழுத்தும் ஃபுட்டும் பெரும்பாலும் பொது. பாபின் சுற்றும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம், மிதி பெல்ட், இவையும் கிடைக்கும். ஃபுட்டில் ஒரு விதிவிலக்கு, 1920களின் தொடக்கம் வரை வந்த சில 66-களில் ஃபுட் பக்கத்திலிருந்து மாட்டாமல் பின்பக்கத்திலிருந்து மாட்டும். அந்த வகைக்கு இன்றைய ஃபுட் பொருந்தாது. எந்தக் குடும்பமானாலும் கிடைக்காதவை வார்ப்புப் பாகங்கள். தலை விரிசல் விட்டாலோ மேல் தண்டு வளைந்தாலோ லீவர் ஓடும் தகடு உடைந்தாலோ கடையில் கேட்டுப் பயனில்லை. இன்னொரு மிஷினைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

கிடைக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடி வாங்கவும் கூடாது. திருப்பூர், ஈரோடு போன்ற ஊர்களில் பவர் மிஷின்களின் பாபின் எல்லாக் கடையிலும் குவிந்திருக்கும். அதன் விட்டமும் 15-இன் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் உயரம் 9 மில்லிமீட்டர் அளவுதான். 15-இன் கேஸில் போட்டால் உள்ளே சென்றுவிடும், பிறகு முன்னும் பின்னும் கடகடவென ஆடும். வாங்கும்போது பழைய பாபினைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. ஊசியிலும் இதே குழப்பம் உண்டு. பவர் மிஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை, வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டை.

15-இன் பாபின் கேஸிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. கேஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் விரலைக் கவனியுங்கள். அது ஷட்டில் வளையத்தின் வெட்டுக்குள் உட்கார்ந்தால்தான் கேஸ் சுற்றாமல் நிற்கும். கடிகாரத்தில் மணி சொல்வது போல் இதன் திசையைச் சொல்வார்கள். பழைய நேர்த்தையல் 15-களில் விரல் பெரும்பாலும் 11 மணிப் பக்கம் இருக்கும். பிற்கால ஜிக்ஜாக் மிஷின்களுக்கு 1 மணிப் பக்கம் பார்க்கும் கேஸும் விற்கிறார்கள். மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருக்கும், விரலின் இடம் மட்டும் மாறும். மாறிய கேஸை அழுத்தி மாட்டினால் ஊசி அதன் விரலில் மோதி முறியும். ஊசி ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் முறிந்தால் விரலைப் பாருங்கள், அங்கே ஊசி பட்ட புள்ளி தெரியும்.

புது கேஸ் வாங்கினால் கடையிலேயே நான் மூன்று விஷயம் பார்ப்பேன். விரலின் ஓரத்தையும் கேஸின் விளிம்பையும் நகத்தால் ஒரு சுற்றுத் தடவுவேன். பிசிர் இருந்தால் நகத்தில் இடறும். நகத்தில் இடறுவது நூலையும் கட்டாயம் இழைபிரிக்கும். அடுத்து, பாபினை உள்ளே போட்டு, கேஸைக் கவிழ்த்து, தாழ்ப்பாளைத் திறந்து பிடிப்பேன். பாபின் விழக் கூடாது. கேஸை நிமிர்த்தித் தாழ்ப்பாளை விட்டால் பாபின் உள்ளே தாராளமாகச் சுற்ற வேண்டும். கடைசியாக நூலை ஸ்பிரிங்குக்கு அடியில் இழுத்துவிட்டு, நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுவேன். தன் எடையால் கீழே ஓடக் கூடாது. கையை லேசாக உதறினால் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். உதறாமலே ஓடினால் ஸ்பிரிங்கின் சிறு திருகைக் கால் சுற்று இறுக்குவேன். அதற்கும் கேட்காவிட்டால் ஸ்பிரிங்கே வளைந்து வந்திருக்கிறது என்று அர்த்தம், வேறு கேஸ் கேட்பேன்.

பழைய மிஷினை விலைக்கு வாங்க நினைக்கிறவர்களுக்கும் இதே வரிசைதான் உதவும். பெயரையும் பூவேலையையும் பேசி விலையை ஏற்றுவார்கள். நீங்கள் அளவைப் பாருங்கள், டென்ஷனின் இடத்தைப் பாருங்கள், பிறகு ஸ்லைடு தட்டைத் திறந்து பாருங்கள். 15 என்று தெரிந்தால், பாபின் கேஸே இல்லாவிட்டாலும் பயமில்லை. தலையில் விரிசல் இல்லாமல், வீல் இலகுவாகச் சுற்றினால் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். 66 அல்லது 99 என்றால், கொக்கியும் கேஸும் உள்ளே முழுதாக இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே காசைப் பற்றிப் பேசுங்கள். 27 குடும்பம் என்றால், ஷட்டிலையும் குறைந்தது ஒரு நீளப் பாபினையும் கையில் கேட்டு வாங்குங்கள். 201 என்றால், உங்கள் கையில் நல்ல நேர்த்தையல் மிஷின் ஒன்று இருக்கிறது. மோட்டார் போட்டதாக இருந்தால் ஒரு மீட்டர் துணியாவது தைத்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள். வாங்கிய பிறகு குடும்பத்தின் எண்ணையும் பாபினின் வகையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இழுப்பறைக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் சரியான பாபினோடு திரும்பி வருவார்.